டிடியா, டிடியா? வெளிநாட்டுக்கு ஃபீஸ் அனுப்பறதுக்கு முன்னாடி

நான் கோயம்புத்தூர்ல ஒரு பேங்க்ல ஃபாரெக்ஸ் கவுன்ட்டர்ல பதினோரு வருஷம் உக்காந்திருந்தேன். அதுல மறக்க முடியாத தப்பு ஒண்ணு இருக்கு, அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், பொண்ணு அமெரிக்காவுல எம்.எஸ். சேந்திருக்கா, கையில ஒரு சீட்டோட வந்தாரு. பொண்ணு போன்ல சொன்னதை அம்மா தமிழ்ல எழுதி வெச்ச சீட்டு அது. "யுனிவர்சிட்டிக்கு பத்தாயிரம் டாலர் டிடி எடுக்கணும், பேர் இது, ஐடி நம்பர் இது". நான் பாத்தேன், டிடின்னு இருக்கு, டிமாண்ட் டிராஃப்ட் ஃபார்மை எடுத்துக் குடுத்தேன். அவரும் அழகா கையெழுத்துல ஃபில் பண்ணி, டிராஃப்ட் வாங்கி, கூரியர்ல போட்டுட்டாரு.

பொண்ணு சொன்னது அந்த டிடி இல்ல. டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர். இங்கிலீஷ்ல DD, TTன்னு ரெண்டுக்கும் எழுத்து வேற, வாயால சொன்னாலும் காதுல வித்தியாசம் தெரியும், ஆனா தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே "டிடி" தான். அந்த யுனிவர்சிட்டி வெளிநாட்டுல இருந்து வர்ற பேப்பரை வாங்கறதையே நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சாம். டிராஃப்ட் திரும்பி வந்து, கேன்சல் பண்ணி, மறுபடி அனுப்பி முடிக்கறதுக்குள்ள மூணு வாரம் ஓடிடுச்சு. இடையில பணமும் கொஞ்சம் கரைஞ்சுச்சு, அது எப்படின்னு பின்னாடி சொல்றேன். அதனால இந்தக் கட்டுரைல டிமாண்ட் டிராஃப்ட்டை டிராஃப்ட்னும், டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபரை ஒயர்னும் தான் சொல்லப் போறேன். பசங்களும் இப்ப ஒயர்னு தான் சொல்றாங்க. டெலிகிராஃப்னு பேருல இருக்கே தவிர தந்திக்கும் அதுக்கும் இப்ப சம்பந்தமே இல்ல, நம்ம ஊர்ல தந்தி சர்வீஸே 2013 ஜூலைல மூடியாச்சு.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். நீங்க எந்த வழில அனுப்பினாலும் டாலர் இங்கிருந்து பறந்து போறதில்ல. உங்க பேங்குக்கு நியூயார்க்ல ஏதோ ஒரு பெரிய பேங்க்ல ஒரு டாலர் அக்கவுன்ட் இருக்கும், நோஸ்ட்ரோ அக்கவுன்ட்னு சொல்லுவோம். உங்க ரூபாயை இங்க வாங்கிக்கிட்டு, அந்த நியூயார்க் அக்கவுன்ட்ல இருந்து டாலரை எடுத்துக் குடுக்கச் சொல்றது தான் மொத்த வேலை. டிராஃப்ட்னா அந்த உத்தரவு ஒரு பேப்பர்ல போகுது. ஒயர்னா பேங்குங்க தங்களுக்குள்ள பேசிக்கற ஸ்விஃப்ட் நெட்வொர்க்ல மெசேஜா போகுது. ரெண்டுக்கும் ஒரே கிணத்துத் தண்ணி தான். அதனால தான் ரெண்டுக்கும் பேங்க் போடற ரேட்டும் ஒண்ணே, TT செல்லிங் ரேட்னு போர்டுல போட்டிருப்பாங்களே அது தான். டிராஃப்ட் எடுத்தா ரேட் கம்மியா கிடைக்கும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி ஒண்ணும் இல்ல. டிராவலர்ஸ் செக் மட்டும் தனி ஜாதி, அது உங்க பேங்க்கோட உத்தரவே இல்ல, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மாதிரி ஒரு கம்பெனி குடுக்கற வாக்கு. பேங்கும் மணிசேஞ்சரும் அதுக்கு வெறும் ஏஜென்ட்டா தான் இருந்தாங்க.

அப்ப வித்தியாசம் எங்க இருக்கு? என்னைக் கேட்டா, அந்தக் காசு யாரைப் பாத்து கை மாறுதுங்கறதுல தான். டிராஃப்ட் பேரைப் பாக்கும். ஒயர் நம்பரைப் பாக்கும். டிராவலர்ஸ் செக் கையெழுத்தைப் பாக்கும். இந்த மூணோட நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இதுல இருந்து தான் வருது.

டிராஃப்ட்டை எடுத்துக்குவோம். நம்ம பேங்க் பிரிண்ட் பண்ணிக் குடுக்கற டாலர் டிராஃப்ட்ல கீழ வரிசையா நம்பர் இருக்கும், அதுல அமெரிக்க ரூட்டிங் நம்பர் ஒன்பது இலக்கம், அதோட நோஸ்ட்ரோ அக்கவுன்ட் நம்பர். இது இருந்தா அமெரிக்காவுல அதை வாங்கறவங்க உள்ளூர் செக் மாதிரியே அவங்க பேங்க்ல போட்டுக்கலாம், சில நாள்ல கிளியர் ஆயிடும். இது தான் டிராஃப்ட்டோட பலம், ஆனா இந்த பலம் காசும் நாடும் ஒத்துப் போனா மட்டும் தான். டாலர் டிராஃப்ட் நியூயார்க் மேல எழுதினது, அதைக் கொண்டு போய் ஜெர்மனில ஒரு சப்ளையர் கையில குடுத்தீங்கன்னா, அவரோட பேங்க் அதை கலெக்‌ஷனுக்கு நியூயார்க் அனுப்பி, காசு வந்தப்புறம் தான் கிரெடிட் பண்ணும். வாரக்கணக்குல ஆகும், நடுவுல கலெக்‌ஷன் சார்ஜ் வேற. அதனால டிராஃப்ட் எடுக்கறவங்க முதல்ல கேக்க வேண்டியது "எத்தனை டாலர்"னு இல்ல, "எந்த ஊர்ல பேயபிள்"னு.

ரெண்டாவது பேரு. டிராஃப்ட்ல யார் பேர் இருக்கோ அவங்க அக்கவுன்ட்ல மட்டும் தான் விழும். இது கேக்க நல்லா இருக்கு, ஆனா நாம கூப்பிடற பேரும் பேங்க் அக்கவுன்ட்ல இருக்கற பேரும் ஒண்ணா இருக்கணுமே. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோன்னு நாம தனித்தனியா சொல்ற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி எல்லாத்துக்கும் சட்டப்படி பேரு "தி ரீஜென்ட்ஸ் ஆஃப் தி யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா". இது தெரியாம கேம்பஸ் பேரை மட்டும் எழுதி எடுத்துட்டு வந்து, திருத்திக் குடுங்கன்னு நிப்பாங்க. டிராஃப்ட்ல பேரைத் திருத்த முடியாது, கேன்சல் பண்ணி வேற தான் எடுக்கணும்.

கேன்சல் பண்ணும்போது தான் வாத்தியாருக்கு நடந்தது நடக்கும். கணக்கு வசதிக்கு டாலர் விக்கற ரேட் 90, வாங்கற ரேட் 88.50னு வெச்சுக்குவோம். பத்தாயிரம் டாலருக்கு அவர் கட்டினது 9,00,000. டிராஃப்ட்டைத் திருப்பிக் குடுக்கும்போது பேங்க் அந்த டாலரை அவர்கிட்ட இருந்து "வாங்குது", அதனால வாங்கற ரேட் தான், 8,85,000. மறுபடி ஒயர் அனுப்ப இன்னொரு தடவை 9,00,000. ரேட் ஒரு பைசா நகராம இருந்தாலே பதினஞ்சாயிரம் போச்சு, கேன்சலேஷன் சார்ஜ் தனி. ஒரு எழுத்து குழப்பத்துக்கு. இதை அந்த மனுஷன் கிட்ட சொல்றதுக்கு எனக்கு நாக்கு எழும்பல, அவரு தான் "பரவால்ல தம்பி, சீட்டு எழுதினது எங்க வீட்டுல தான"ன்னாரு.

டிராஃப்ட் தொலைஞ்சா? அதுல பேர் இருக்கறதால கண்டெடுத்தவன் ஈசியா மாத்திக்க முடியாது, அது வரைக்கும் சரி. ஆனா உங்களுக்கு டூப்ளிகேட் கிடைக்கணும்னா, பேங்க் நியூயார்க்குக்கு ஸ்டாப் பேமென்ட் சொல்லி, அங்க இன்னும் பாஸ் ஆகலன்னு பதில் வந்து, பின்னாடி நஷ்டம் வந்தா நான் பொறுப்புன்னு நீங்க ஸ்டாம்ப் பேப்பர்ல இன்டெம்னிட்டி பாண்ட் எழுதிக் குடுத்து, அப்புறம் தான். அதுக்குள்ள ஃபீஸ் கட்டற கடைசி நாள் போயிருக்கும்.

சரி, ஒயர். இது தான் இன்னிக்கு நடைமுறைல மிச்சம் இருக்கற ஒரே வழின்னு சொல்லலாம், அதனால இதுல கொஞ்சம் நேரம் நிக்கலாம். பேங்க்ல A2 ஃபார்ம் குடுப்பாங்க, அதுல எதுக்காக அனுப்பறீங்கன்னு ஒரு பர்ப்பஸ் கோடு போடணும், வெளிநாடு போய் படிக்கறதுக்கான ஃபீஸ்னா S0305. பான் கார்டு வேணும், யுனிவர்சிட்டி குடுத்த ஆஃபர் லெட்டரோ ஃபீஸ் இன்வாய்ஸோ வேணும். அப்பா அம்மா அக்கவுன்ட்ல இருந்து போனா அது தனி ஆளுங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் பேங்க் வெச்சிருக்கற எல்.ஆர்.எஸ். லிமிட்ல அவங்க பேர்ல கணக்காகும், ஒரு நிதி வருஷத்துக்கு ஆளுக்கு 2,50,000 டாலர், அதுக்கு உள்ள தான் பெரும்பாலானவங்க வருவாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து எஜுகேஷன் லோன்ல அனுப்பற காசுக்கு டி.சி.எஸ்.ங்கற முன்கூட்டிப் பிடிக்கற வரி கிடையாது, கைக்காசுன்னா வருஷத்துக்கு பத்து லட்சம் தாண்டினதுக்கு மேல தான் பிடிப்பாங்க. அது உங்க வருமான வரிக் கணக்குல திரும்பக் கேக்கற பணம், செலவு இல்ல. ஆனா பேங்க் முதல்ல பிடிச்சுட்டு தான் அனுப்பும், அதனால அக்கவுன்ட்ல அதுக்கும் சேத்து பணம் இருக்கணும்.

செலவு எதுன்னா, மூணு. மேல சொன்ன பத்தாயிரம் டாலரையே எடுத்துக்கலாம். ரூபாயை டாலரா மாத்தறதுக்கு ஜி.எஸ்.டி. உண்டு, ஒன்பது லட்சத்துக்கு 900 ரூபா வரும் (ஒரு லட்சம் வரைக்கும் 180, அதுக்கு மேல இருக்கற எட்டு லட்சத்துக்கு 0.09 பர்சன்ட்னா 720). இது டிராஃப்ட் எடுத்தாலும் இதே தான். அப்புறம் பேங்க் கமிஷன், ஸ்விஃப்ட் சார்ஜ்னு சில நூறுல இருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைக்கும். இந்த ரெண்டையும் எல்லாரும் கவனமா பேரம் பேசுவாங்க. மூணாவதை யாரும் பேச மாட்டாங்க, அது ரேட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அன்னிக்கு மார்க்கெட்ல டாலர் 89ன்னு இருக்கும்போது பேங்க் 90ன்னு போட்டா, பத்தாயிரம் டாலருக்கு பத்தாயிரம் ரூபா அங்கயே போச்சு. கமிஷன்ல ஐநூறு குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிப்பாங்க, ரேட்ல அம்பது பைசா குறைச்சுக் குடுங்கன்னு கேட்டா அஞ்சாயிரம் மிச்சம், அதைக் கேக்கறவங்க அபூர்வம். கேட்டா குடுப்பாங்களான்னா, தொகை பெருசா இருந்தா மேனேஜர் டிரெஷரிக்கு போன் போட்டு ஸ்பெஷல் ரேட் வாங்கித் தருவாரு. நானே எத்தனையோ தடவை போட்டிருக்கேன். கேக்காதவங்களுக்கு போட்டதில்ல, அதையும் ஒத்துக்கிடணும்.

இப்ப, அனுப்பியாச்சு. போய்ச் சேர்றதுல என்ன ஆகும்னு என் அண்ணன் பொண்ணு கதைல சொல்றேன், 2025 ஆகஸ்ட்ல நடந்தது. நான் வேலையை விட்டுட்டேன், அண்ணனே அவரு பேங்க்ல போய் பத்தாயிரம் டாலர் அனுப்பிட்டாரு. நாலு நாள் கழிச்சு பொண்ணு போன் பண்றா, "சித்தப்பா, 35 டாலர் பாக்கின்னு போர்ட்டல்ல காட்டுது, கோர்ஸ் ரெஜிஸ்டர் பண்ண விடமாட்டேங்குது". அண்ணன் கையில இருக்கற ஸ்விஃப்ட் காப்பில பாத்தா தெளிவா 10,000னு இருக்கு. பேங்க் சொல்லுது நாங்க முழுசா அனுப்பிட்டோம்னு, யுனிவர்சிட்டி சொல்லுது எங்களுக்கு 9,965 தான் வந்துச்சுன்னு. ரெண்டு பேரும் சொல்றது நிஜம்.

நோஸ்ட்ரோ அக்கவுன்ட் இருக்கற அந்த நியூயார்க் பேங்க் மாதிரி நடுவுல ஒரு பேங்க் இருக்குல்ல, அது தன்னோட கூலியை போற வழில எடுத்துக்கும். உங்க கையில இருக்கற காப்பி முதல் பேங்க் அனுப்பின மெசேஜ், அதுல வெட்டு தெரியாது. நடு பேங்க் அடுத்த பேங்குக்கு ஸ்விஃப்ட் பாணில அனுப்பினா அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
:32A:250811USD9980,00
:33B:USD10000,00
:70:STUDENT ID 20471883 FALL 2025
:71A:SHA
:71F:USD20,00
```

33Bல இருக்கறது நாம அனுப்பச் சொன்னது, 32Aல இருக்கறது நிஜமா கை மாறினது, 71Fல இருக்கற இருபது தான் நடு பேங்க் எடுத்துக்கிட்டது. மிச்சப் பதினஞ்சு டாலர் யுனிவர்சிட்டியோட பேங்க் உள்ள வர்ற ஒயருக்குப் போடற கட்டணம், அது இந்த மெசேஜ்லயே வராது. இதுக்கெல்லாம் காரணம் 71Aல இருக்கற அந்த SHA தான். ஃபார்ம்ல சார்ஜ் யாருதுன்னு ஒரு கட்டம் இருக்கும், OUR, SHA, BENனு மூணு சாய்ஸ். SHAன்னா நம்ம பேங்க் சார்ஜ் நமக்கு, வழில ஆகறது வாங்கறவங்களுக்கு. BENன்னா எல்லாமே வாங்கறவங்க தலைல. OURன்னா எல்லாமே நம்ம தலைல. கட்டத்தை சும்மா விட்டா பெரும்பாலும் SHA தான் போடுவாங்க. ஃபீஸ் கட்டறவங்க OUR போடணும், அதுக்கு பேங்க் இங்க கொஞ்சம் கூடுதலா வாங்கும், குடுத்துடுங்க. அப்படியும் கடைசி பேங்க் தன்னோட உள்வரவுக் கட்டணத்தை வெட்டறது உண்டு, அமெரிக்காவுல குறிப்பா. அதனால என் அண்ணனுக்கு இப்ப நான் சொல்லி வெச்சிருக்கறது, இன்வாய்ஸ் தொகைக்கு மேல ஒரு இருபத்தஞ்சு டாலர் சேத்து அனுப்புங்க, மிச்சம் இருந்தா அடுத்த செமஸ்டர்ல கழிச்சுக்குவாங்க. பொண்ணு அந்த 35 டாலரை கார்டுல கட்டி அன்னிக்கே பிரச்சனையை முடிச்சா.

அந்த :70: வரியையும் பாருங்க. ஒயர் நம்பரைப் பாக்கும்னு சொன்னேன்ல, அது யுனிவர்சிட்டியோட அக்கவுன்ட் நம்பர் வரைக்கும் தான். அங்க ஆயிரக்கணக்கான பசங்க காசு ஒரே அக்கவுன்ட்ல கொட்டுது, அனுப்பினவர் பேரு அப்பா பேரு, பொண்ணு பேரு வேற, நம்ம ஊர் இனிஷியல் கூத்து உங்களுக்கே தெரியும். இந்த வரில ஸ்டூடன்ட் ஐடி இல்லன்னா காசு போய்ச் சேந்தும் யாருதுன்னு தெரியாம கிடக்கும். அந்த வரிக்கு ரொம்ப இடமும் கிடையாது, 35 எழுத்து, அதிகபட்சம் நாலு வரி. அதனால "என் மகளின் இரண்டாம் ஆண்டுக் கல்விக் கட்டணம்"னு கதை எழுதாம ஐடியை முதல்ல போடணும். டிராஃப்ட் காலத்துல இந்தத் தொல்லை கம்மி, கவர்க்குள்ள ஒரு லெட்டர் வெச்சு அனுப்பலாம், மனுஷன் பிரிச்சுப் படிப்பான்.

காசு எங்க நிக்குதுன்னு தெரியாம தவிக்கறப்ப பேங்க்ல கேக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு MT103 காப்பி, இது தான் ஸ்விஃப்ட் மெசேஜோட பழைய பேரு, 2025 நவம்பரோட நாடு விட்டு நாடு போற பேமென்ட்டுக்கு pacs.008னு புது வடிவம் வந்துடுச்சு, ஆனா கவுன்ட்டர்ல பழைய பேரைச் சொல்லிக் கேட்டா தான் புரியும். இன்னொண்ணு UETR, 36 எழுத்துல ஒரு நீளமான நம்பர். நடுவுல இருக்கற எந்த பேங்க்கும் அதை மாத்தாம அடுத்த பேங்குக்குக் கடத்தணும், அதை வெச்சு எந்த பேங்க்ல நிக்குது, வழில எவ்வளவு வெட்டினாங்கன்னு உங்க பேங்க் பாத்துச் சொல்ல முடியும். "சார் போயிடுச்சு சார், வெயிட் பண்ணுங்க"ன்னு சொன்னா UETR குடுங்கன்னு கேளுங்க, பேச்சே மாறும்.

இப்ப பெரிய யுனிவர்சிட்டிகள்ல ஃப்ளைவயர், கன்வெரா மாதிரி கம்பெனி வழியா கட்டச் சொல்றாங்க. ரூபாய்ல எவ்வளவுன்னு காட்டிடும், நீங்க நம்ம பேங்க்ல இருந்து அவங்க அக்கவுன்ட்டுக்கு கட்டணும், யுனிவர்சிட்டிக்கு முழுத் தொகையும் ஐடியோட போய்டும். 35 டாலர் பிரச்சனை இதுல வராது. ஆனா ரேட் அவங்க போடறது தான், அதனால அவங்க காட்டற ரூபாயை டாலரால வகுத்துப் பாத்துட்டு உங்க பேங்க் ரேட்டோட ஒப்பிடுங்க.

சப்ளையருக்கு அனுப்பறது வேற உலகம். திருப்பூர்ல ஒரு நிட்டிங் யூனிட் வெச்சிருக்கறவர், மெஷினுக்கு ஸ்பேர் ஜெர்மனில இருந்து வாங்கறாருன்னு வைங்க. ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் வரும், முப்பது பர்சன்ட் அட்வான்ஸ், மிச்சம் அனுப்பறதுக்கு முன்னாடின்னு. பேங்க்ல பர்ப்பஸ் கோடு, இம்போர்ட் அட்வான்ஸ்னா S0101, வந்த இன்வாய்ஸுக்கு கட்டறதுன்னா S0102. அதுக்கப்புறம் சரக்கு வந்து கஸ்டம்ஸ்ல பில் ஆஃப் என்ட்ரி போட்டு, அதை ரிசர்வ் பேங்க்கோட ஐ.டி.பி.எம்.எஸ்.னு ஒரு சிஸ்டத்துல அந்த ஒயரோட சேத்து முடிக்கணும், 2016 அக்டோபர்ல இருந்து இப்படித் தான். முடிக்காம விட்டா கணக்கு திறந்தே கிடக்கும், அடுத்த ஒயருக்கு பேங்க் முகத்தைச் சுளிக்கும். இதனால தான் இம்போர்ட்டுக்கு டிராவலர்ஸ் செக் எல்லாம் எந்தக் காலத்துலயும் வேலைக்கு ஆகல, அது பயணத்துக்கு எடுத்த பணம், அதை சரக்கோட கோத்துக் காட்ட முடியாது.

இங்க தான் ஒயர் நம்பரைப் பாக்கும்ங்கறது வினையா முடியுது. ஒரு யூனிட்காரர், என் கஸ்டமர் தான், நாலு வருஷமா ஒரே சப்ளையர். ஒரு நாள் மெயில் வருது, அதே லெட்டர்ஹெட், அதே ஆள் பேரு, "எங்க பேங்க்ல ஆடிட் நடக்குது, இந்தத் தடவை மட்டும் புது அக்கவுன்ட்டுக்கு அனுப்புங்க". பழைய அக்கவுன்ட் DEன்னு ஆரம்பிக்கும், ஐபான்னு சொல்ற வெளிநாட்டு அக்கவுன்ட் நம்பர் ஜெர்மனிக்கு 22 எழுத்து. புதுசு வேற நாட்டு எழுத்துல ஆரம்பிக்குது. மெயில் ஐடில ஒரு எழுத்து வித்தியாசம், அதை யாரும் பாக்கல. காசு போச்சு. காசு வாங்கறவர் பேருன்னு கம்பெனி பேரைத் தான் எழுதினாரு, ஆனா அங்க இருக்கற பேங்க் அக்கவுன்ட் நம்பரை வெச்சு கிரெடிட் பண்ணிடுச்சு, பேரு ஒத்துப் போகுதான்னு பாக்கல. அமெரிக்கச் சட்டத்துலயும் பேரும் நம்பரும் வேற வேற ஆளைக் காட்டினா, அது தெரியாத பேங்க் நம்பரை நம்பி வரவு வைக்கலாம்னு தான் இருக்கு. ஐபான்ல நாட்டு எழுத்துக்கு அடுத்தாப்ல ரெண்டு செக் டிஜிட் இருக்கு, அது நம்பரைத் தப்பா அடிச்சா பிடிக்கும், திருடன் நம்பரைச் சரியா அடிச்சா பிடிக்காது.

அனுப்பினதைத் திருப்பிக் கூப்பிட முடியுமான்னா, ரீகால் மெசேஜ் போடலாம். ஆனா காசு அவன் அக்கவுன்ட்ல விழுந்தாச்சுன்னா அவன் சம்மதிச்சா தான் திரும்பும், எவன் சம்மதிப்பான்? முதல் நாளே தெரிஞ்சு, நடு பேங்க்ல நிக்கும்போதே பிடிச்சா உண்டு. இதுல டிராஃப்ட் எவ்வளவோ மேல், கம்பெனி பேருல எடுத்த டிராஃப்ட்டை அந்தத் திருடன் தன் அக்கவுன்ட்ல போட முடியாது. ஆனா இன்னிக்கு எந்த சப்ளையரும் டிராஃப்ட்டுக்குக் காத்திருக்க மாட்டான், போலி டிராஃப்ட் பாத்து அவனும் சூடு பட்டவன். அதனால செய்ய வேண்டியது ஒண்ணு தான். அக்கவுன்ட் மாறுதுன்னு மெயில் வந்தா, அந்த மெயில்ல இருக்கற நம்பருக்கு இல்லாம, பழைய இன்வாய்ஸ்ல இருக்கற நம்பருக்கு போன் அடிச்சு குரலைக் கேட்டு உறுதி பண்ணணும்.

டிராவலர்ஸ் செக் பத்தி கேக்கறவங்க இன்னும் இருக்காங்க, பெரும்பாலும் எழுபது எம்பதுகள்ல வெளிநாடு போன பெரியவங்க. "ஏன் தம்பி, நாங்க போனப்ப அதுல தான ஃபீஸ் கட்டினோம்"னு கேப்பாங்க. உண்மை தான். 1891ல அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இதை ஆரம்பிச்சப்ப வெச்ச யோசனை ரொம்ப எளிமை, வாங்கும்போது ஒரு கையெழுத்து, குடுக்கும்போது வாங்கறவர் கண் முன்னாடி இன்னொரு கையெழுத்து, ரெண்டும் ஒத்துப் போனா காசு. தொலைஞ்சா நம்பரைச் சொன்னா வேற குடுப்பாங்க. பையன் 500, 1000 டாலர் தாளா எடுத்துட்டுப் போய், ஃபீஸ் கவுன்ட்டர்ல நின்னு ஒவ்வொண்ணா கையெழுத்துப் போட்டுக் கட்டுவான். கையில எடுத்துட்டுப் போற பணத்துக்கு அதை விட நல்ல ஏற்பாடு அன்னிக்கு இல்ல. அதுலயும் ஒண்ணு தெரிஞ்சிருக்கணும், அமெரிக்காவுக்குள்ள பத்தாயிரம் டாலருக்கு மேல எடுத்துட்டுப் போனா டிக்ளேர் பண்ணணும், டிராவலர்ஸ் செக்கும் அந்தக் கணக்குல சேரும்.

ஆனா ஆள் இங்க, யுனிவர்சிட்டி அங்கன்னா அது உதவாது. தபால்ல அனுப்பணும்னா ரெண்டாவது கையெழுத்தை முன்னாடியே போடணும், போட்டுட்டா அது ரூபா நோட்டு மாதிரி, வழில யார் எடுத்தாலும் அவனுக்குச் சொந்தம் கொண்டாட வழி இருக்கு. போடாம அனுப்பினா அங்க யாரும் வாங்க மாட்டாங்க. பாதுகாப்புக்காக வெச்ச கையெழுத்தே தூரத்துக்கு அனுப்ப விடாது. இப்ப அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் புதுசா விக்கறதையே நிறுத்திடுச்சு, அந்த இடத்துக்கு ஃபாரெக்ஸ் கார்டு வந்தாச்சு.

போன மாசம் அந்த வாத்தியார் வீட்டுக்குப் போயிருந்தேன், பொண்ணு அங்கயே வேலைல இருக்கா. அவரு மச்சினர் ஒருத்தர் பழைய டைரிக்குள்ள இருந்து நாலு அம்பது டாலர் டிராவலர்ஸ் செக் எடுத்துக் காட்டினாரு, மேல ஒரு கையெழுத்து மட்டும் இருக்கு, நீலம் வெளுத்துப் போச்சு. செல்லுமான்னாரு. செல்லும், அதுக்கு காலாவதி கிடையாது, கம்பெனிக்கே எழுதிக் கேட்டா காசு தருவாங்க, ஆனா நம்ம ஊர் மணிசேஞ்சர்கிட்ட கொண்டு போனா முழிப்பான்னு சொன்னேன். அவரு ஒரு பேப்பர் எடுத்து தன் கையெழுத்தைப் போட்டுப் பாத்தாரு. நாப்பது வருஷத்துல கையெழுத்து ரொம்ப மாறிப் போச்சு, அது தான் இப்ப அவர் கவலை.